வாரகுட்டாகாரம்

வாரகுட்டாகாரம் என்பது, சூரியன் முதலான ஒரு கோளின் சராசரி நிலையும் அன்றைய கிழமையும் தெரிந்திருக்கும்போது, கலியுகத் தொடக்கத்திலிருந்து அன்றுவரை கடந்த நாள்களின் எண்ணிக்கையைக் கண்டறியும் பழைய இந்தியக் கணித முறை ஆகும். ஆரியபட்டர் பொ.ஊ. 499-இல் சுருக்கமாகச் சொன்ன குட்டகம் என்னும் வழிமுறையை, முதலாம் பாஸ்கரர் 7ஆம் நூற்றாண்டில் வானியல் கணக்குகளுக்கு விரித்துப் பயன்படுத்தினார். இன்றைய கணிதமொழியில் இது, சார்பகா எண்களை மட்டுகளாகக் கொண்ட இரண்டு ஒருங்கிசைவுகளை ஒரே நேரத்தில் தீர்ப்பதாகும். அதாவது சீன மீதித் தேற்றத்தின் ஒரு பயன்பாடு. இக்கணக்கின் அடியில் இருக்கும் ஆண்டின் நீளம், தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தில் இன்றும் வழங்கும் ஆண்டின் நீளமே ஆகும்.

## பெயரும் பொருளும்

வடமொழியில் "குட்ட" என்னும் வினையடி இடித்துப் பொடியாக்குதலைக் குறிக்கும். இரண்டு பெரிய எண்களை எடுத்துக்கொண்டு, பெரியதைச் சிறியதால் வகுத்து, வரும் மீதியால் சிறியதை வகுத்து, இவ்வாறே மாறி மாறி வகுத்துச் சென்றால் எண்கள் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய கணக்கு, மனத்தாலேயே தீர்க்கக்கூடிய சிறு கணக்காக நொறுங்கிவிடும். அதனால் இம்முறை குட்டகம் அல்லது குட்டாகாரம் எனப்பட்டது. கிழமையையும் (வாரம்) ஒரு தரவாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டாகாரம் வாரகுட்டாகாரம் ஆயிற்று.

## வரலாறு

ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் கடைசி இரண்டு செய்யுள்கள் (32, 33) குட்டகத்தைச் சொல்கின்றன. ஓர் எண்ணை ஒரு வகுத்தியால் வகுத்தால் ஒரு மீதி, வேறொரு வகுத்தியால் வகுத்தால் வேறொரு மீதி என்றால், அந்த எண் எது என்பதே அங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வினா. செய்யுள் மிகச் சுருக்கமானது. எடுத்துக்காட்டு எதுவும் அதில் இல்லை.

எடுத்துக்காட்டுகளைத் தந்தவர் முதலாம் பாஸ்கரர். அவர் 629-இல் எழுதிய ஆரியபட்டீய உரையில், 8-ஆல் வகுத்தால் 5, 9-ஆல் வகுத்தால் 4, 7-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண் எது என்னும் வினா உள்ளது. அவருடைய மகாபாஸ்கரீயத்தின் முதல் அதிகாரமும் இலகுபாஸ்கரீயத்தின் இறுதி அதிகாரமும் கோள்களின் நிலையிலிருந்து நாள் எண்ணிக்கையைக் காணும் குட்டாகாரக் கணக்குகளைக் கொண்டவை. அதே காலத்தவரான பிரம்மகுப்தரும் 628-இல் இயற்றிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் குட்டகத்துக்குத் தனி அதிகாரம் ஒதுக்கினார்.

தமிழ்நாட்டில் ஆரியபட்டரின் மரபு நெடுங்காலம் உயிரோடு இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்ந்த சூரியதேவ யஜ்வர் (பிறப்பு 1191) கணிதபாதம் உள்ளிட்ட ஆரியபட்டீயம் முழுமைக்கும் உரை எழுதினார். அவ்வுரையை கே. வி. சர்மா பதிப்பித்து 1976-இல் வெளியிட்டார். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூலை டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962-இல் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனத்தின் வழியாகப் பதிப்பித்தனர்.

சீனத்தில் இதே வகை வினா சுன் சு என்பவரின் கணித நூலில் காணப்படுகிறது. 3-ஆல் வகுத்தால் 2, 5-ஆல் வகுத்தால் 3, 7-ஆல் வகுத்தால் 2 மீதி வரும் எண் கேட்கப்பட்டு, விடை 23 எனத் தரப்பட்டுள்ளது. அந்நூல் 3 முதல் 5 வரையிலான நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டது எனக் கொள்ளப்படுகிறது. பொது வழிமுறையை சின் சியூசாவ் 1247-இல் விளக்கினார். ஐரோப்பாவில் காஸ் 1801-இல் ஒருங்கிசைவுக் குறியீட்டோடு இதனை முறைப்படுத்தினார். சீன முறையைப் பற்றி அலெக்சாண்டர் வைலி 1852-இல் எழுதிய பிறகு ஐரோப்பியர் அதனை அறிந்தனர். "சீன மீதித் தேற்றம்" என்னும் பெயர் அதன் பின்னர் நிலைத்தது.

## பாஸ்கரரின் சிறு கணக்கு

பெரிய கணக்குக்குச் செல்லுமுன் பாஸ்கரரின் 8, 9, 7 வினாவைத் தீர்த்துப் பார்ப்பது முறையை விளக்கும். தேடும் எண் N என்க.

N ≡ 5 (mod 8), N ≡ 4 (mod 9), N ≡ 1 (mod 7)

ஆரியபட்டரின் வழி, ஒரு நேரத்தில் இரண்டு நிபந்தனைகளை மட்டும் எடுத்துக்கொள்வது. முதல் இரண்டிலிருந்து N = 8x + 5 = 9y + 4. ஆகவே 8x + 1 = 9y. x = 1, y = 1 என்றால் இது பொருந்துகிறது. N = 13 கிடைக்கிறது. 8-க்கும் 9-க்கும் பொதுக்காரணி இல்லை என்பதால், இவ்விரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் எண்கள் எல்லாம் 72 இடைவெளியில் வரும். அதாவது இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து N = 72t + 13 என்னும் ஒரே நிபந்தனையாகச் சுருங்கிவிட்டன.

இப்போது மூன்றாவது நிபந்தனை. 7-ஆல் வகுக்கும்போது 72-இன் மீதி 2, 13-இன் மீதி 6. எனவே

2t + 6 ≡ 1 (mod 7)

இதற்கு t = 1 பொருந்தும். N = 72 + 13 = 85. மீண்டும் இதே விடை வர 7 × 8 × 9 = 504 கூட்ட வேண்டும். ஆகவே 85, 589, 1093 எனத் தொடரும்.

சுன் சுவின் வழி வேறுவிதமானது. அதில் நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு "துணை எண்" தேடப்படுகிறது. 8-ஆல் வகுத்தால் 1 மீதி, ஆனால் 9-ஆலும் 7-ஆலும் மீதியின்றி வகுபடும் எண் 441. அவ்வாறே 9-க்கு 280, 7-க்கு 288. மீதிகளால் இவற்றைப் பெருக்கிக் கூட்டினால்

5 × 441 + 4 × 280 + 1 × 288 = 3613

இதிலிருந்து 504-இன் மடங்குகளைக் கழிக்க, 3613 − 3528 = 85. விடை ஒன்றே.

இரு வழிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வகுத்திகள் மாறாமல் மீதிகள் மட்டும் மாறிக்கொண்டிருந்தால் சுன் சுவின் வழி விரைவானது, ஏனெனில் துணை எண்களை ஒருமுறை கண்டால் போதும். வகுத்திகள் மிகப் பெரியவையாக இருந்து, ஒவ்வொன்றாக வந்து சேரும்போது ஆரியபட்டரின் வழி வசதியானது. வானியலில் நேர்வது இரண்டாவது நிலைமையே.

## 576 ஆண்டும் 2,10,389 நாளும்

ஆரியபட்டீயத்தின்படி ஒரு மகாயுகத்தில் சூரியன் 43,20,000 சுற்றுகள் செல்கிறது. அதே காலத்தில் 157,79,17,500 நாள்கள் கழிகின்றன. இரண்டு எண்களையும் பொதுக்காரணியான 7500-ஆல் வகுத்தால் 576 சுற்றுகளும் 2,10,389 நாள்களும் கிடைக்கும். இவற்றுக்கு இனிப் பொதுக்காரணி இல்லை. குட்டாகாரத்தில் முதல் வேலை எப்போதும் இந்தச் சுருக்கமே.

2,10,389-ஐ 576-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டு 365 நாளும், ஒரு நாளின் 576 பங்கில் 149 பங்கும் ஆகிறது. அந்தப் பின்னம் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரைக்குச் சமம். 60 நாழிகை ஒரு நாள், 60 விநாழிகை ஒரு நாழிகை, 60 தற்பரை ஒரு விநாழிகை. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு இதுவே. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதத்திலும் தமிழரின் சூரிய ஆண்டாக இந்த அளவே எடுத்தாளப்பட்டது.

கலியுகத் தொடக்கம் பொ.ஊ.மு. 3102 பிப்ரவரி 18 வெள்ளிக்கிழமைச் சூரிய உதயம் எனக் கொள்ளப்படும். அதிலிருந்து கடந்த நாள்களின் எண்ணிக்கை அகர்கணம் எனப்படும். அதனை A என்க. A-ஐ 7-ஆல் வகுத்து வரும் மீதி கிழமையைத் தரும். 0 என்றால் வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு, 3 திங்கள், 4 செவ்வாய், 5 புதன், 6 வியாழன்.

சூரியனின் சராசரி நிலையைக் காண A-ஐ 576-ஆல் பெருக்கி 2,10,389-ஆல் வகுக்க வேண்டும். ஈவு என்பது கலியில் கழிந்த ஆண்டுகள். மீதி, நடப்புச் சுற்றில் சூரியன் எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் காட்டும். இந்த மீதி மண்டலசேடம் எனப்படும். முழு வட்டமும் 2,10,389 பங்குகளாகப் பிரிக்கப்பட்டதாகவும், நாள் ஒன்றுக்குச் சூரியன் 576 பங்கு நகர்வதாகவும் எண்ணிக்கொள்ளலாம்.

பஞ்சாங்கம் கணிப்பவர் செய்வது A-இலிருந்து மீதிக்குச் செல்லும் இந்த நேர்வழிக் கணக்கு. வாரகுட்டாகாரம் கேட்பது தலைகீழ் வினா. மீதியும் கிழமையும் தெரிந்தால் A என்ன?

## ஒரு கணக்கு: 1947 ஆகஸ்டு 15

விடை முன்னரே தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியையும் சரிபார்க்க முடியும். 1947 ஆகஸ்டு 15-க்கு அகர்கணம் 18,43,947. இது 7-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எனவே வெள்ளிக்கிழமை. அன்று வெள்ளிக்கிழமைதான். இதனை 576-ஆல் பெருக்கி 2,10,389-ஆல் வகுத்தால் ஈவு 5048, மீதி 69,800. கலியில் கழிந்த ஆண்டு 5048 என்பது சரி. மீதி தரும் சராசரி நிலை ஏறத்தாழ 119° 26′, அதாவது கடகத்தில் 29° 26′. ஆடி மாதக் கடைசிக்கு இது பொருத்தமானது.

இனி A தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். கையில் உள்ளவை இரண்டு தரவுகள் மட்டுமே: மண்டலசேடம் 69,800, கிழமை வெள்ளி.

### முதற்படி: பொடியாக்குதல்

576-இன் எந்த மடங்கு 2,10,389-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் என்று முதலில் காண வேண்டும். மாறி மாறி வகுத்தால்:

| வகுபடும் எண் | வகுத்தி | ஈவு | மீதி |
|---|---|---|---|
| 2,10,389 | 576 | 365 | 149 |
| 576 | 149 | 3 | 129 |
| 149 | 129 | 1 | 20 |
| 129 | 20 | 6 | 9 |
| 20 | 9 | 2 | 2 |
| 9 | 2 | 4 | 1 |

மீதி 1 வந்ததும் நிறுத்தலாம். ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் 1, 0 என்னும் இரண்டு எண்களைச் சேர்த்தால் ஒரு கொடி போன்ற அடுக்கு கிடைக்கும். இதனை வல்லி என்பர். அடியில் 1, 0 சேர்க்கும் இந்த எளிய வடிவம் இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதி (1150) வழிப்பட்டது.

அடுக்கின் கீழிருந்து மேலே செல்ல வேண்டும். ஒவ்வோர் ஈவையும் அதற்குக் கீழே உள்ள எண்ணால் பெருக்கி, அதற்கும் கீழே உள்ளதைக் கூட்ட வேண்டும்.

```
  4 ×   1 +  0 = 4
  2 ×   4 +  1 = 9
  6 ×   9 +  4 = 58
  1 ×  58 +  9 = 67
  3 ×  67 + 58 = 259
365 × 259 + 67 = 94602
```

உச்சியில் வந்த இரண்டு எண்கள் 94,602, 259. சரிபார்க்க: 576 × 94,602 = 5,44,90,752. 2,10,389 × 259 = 5,44,90,751. வேறுபாடு சரியாக 1. ஈவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக (6) இருந்ததால் நேரடியாக +1 வந்தது. ஒற்றைப்படையாக இருந்தால் −1 வரும். அப்போது கிடைத்த எண்ணை 2,10,389-இலிருந்து கழிக்க வேண்டும். குட்டகத்தில் தொடக்க மாணவர்கள் தவறும் இடம் இதுதான். மேலே செய்ததுபோல் இரண்டு பெருக்கல்களை ஒப்பிட்டால் தவறு உடனே வெளிப்படும்.

### இரண்டாம் படி: சூரியன் சொல்லும் நாள்

மீதி 1 தரும் நாள் 94,602 என்றால், மீதி 69,800 தரும் நாளைக் காண அதனை 69,800-ஆல் பெருக்கி 2,10,389-இன் மடங்குகளை நீக்க வேண்டும். 94,602 × 69,800 = 660,32,19,600. இதனை 2,10,389-ஆல் வகுத்தால் மீதி 1,60,835. ஆகவே

A ≡ 160835 (mod 210389)

இந்த நிலையில் விடை ஒன்றல்ல, பல. 576 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன் உதய நேரத்தில் மிகச்சரியாக இதே பங்கில் வந்து நிற்கும். 795, 1371, 1947, 2523 என எந்த ஆண்டாகவும் இருக்கலாம்.

### மூன்றாம் படி: கிழமை சொல்லும் நாள்

இங்கேதான் கிழமை உதவுகிறது. A = 160835 + 210389k என்று எழுதிக்கொண்டு 7-ஆல் வகுத்தால், 1,60,835-இன் மீதி 3, 2,10,389-இன் மீதி 4. வெள்ளிக்கிழமைக்கு மீதி 0 வேண்டும். எனவே

3 + 4k ≡ 0 (mod 7)

அதாவது 4k ≡ 4 (mod 7), ஆகவே k = 1, 8, 15 என 7 இடைவெளியில் வரும். பெரிய எண்களோடு தொடங்கிய கணக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேலே சொன்ன நான்கு ஆண்டுகளையும் இதில் வைத்துப் பார்க்கலாம்.

| k | பொது ஆண்டு | 7-ஆல் வகுத்த மீதி | கிழமை |
|---|---|---|---|
| 6 | 795 | 6 | வியாழன் |
| 7 | 1371 | 3 | திங்கள் |
| 8 | 1947 | 0 | வெள்ளி |
| 9 | 2523 | 4 | செவ்வாய் |

ஒரு 576 ஆண்டுச் சுழற்சிக்கு ஒருமுறை கிழமை நான்கு நாள் தள்ளிப்போகிறது. 4-க்கும் 7-க்கும் பொதுக்காரணி இல்லாததால், ஏழு கிழமைகளையும் தொட்டுவிட்டுத்தான் அது தொடங்கிய கிழமைக்குத் திரும்பும். எனவே சூரியனின் இதே நிலையும் வெள்ளிக்கிழமையும் மீண்டும் சேர 7 × 576 = 4032 ஆண்டுகள் ஆகும். k = 1 என்பது பொ.ஊ.மு. 2086-இலும், k = 15 என்பது பொ.ஊ. 5979-இலும் விழும். கேட்கப்பட்ட நாள் வரலாற்றுக் காலத்துக்கு உட்பட்டது என்று தெரிந்தால் k = 8 மட்டுமே எஞ்சும்.

A = 160835 + 8 × 210389 = 1843947

தொடங்கிய எண்ணே திரும்பக் கிடைத்துவிட்டது.

## வகுத்திகள் சார்பகா எண்களாக இல்லாதபோது

மேற்கண்ட கணக்கு தடையின்றி முடிந்ததற்குக் காரணம் 2,10,389-ம் 7-ம் சார்பகா எண்களாக இருப்பது. ஒருவேளை சுழற்சி நாள்கள் 7-இன் மடங்காக இருந்திருந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் அதே கிழமையே வந்திருக்கும். அப்போது கிழமை புதிதாக எதையும் சொல்லாது. சூரியன் சொன்ன நாளோடு கிழமை ஒத்துப்போனால் எல்லாச் சுழற்சிகளிலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் விடையே இராது.

இது வெறும் கற்பனை அல்ல. கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் சராசரி நிலையை இரண்டாம் தரவாகச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவுக்கு இந்நிலை நேர்கிறது. ஆரியபட்டீயத்தில் சந்திரனின் சுற்றுகள் 5,77,53,336. யுக நாள்களோடு இதற்குள்ள மீப்பெரு பொதுக்காரணி 732. சுருக்கினால் 78,898 சுற்றுகளுக்கு 21,55,625 நாள்கள். இந்த நாள் எண்ணிக்கைக்கும் 2,10,389-க்கும் 3449 என்னும் பொதுக்காரணி உண்டு. ஆகவே சந்திரனின் மீதி மிகச்சரியாகத் தெரிந்தால், நாள் எண்ணிக்கையை 3449-ஆல் வகுத்து வரும் மீதி அதிலேயே அடங்கிவிடும். சூரியனைத் தனியாகக் கொடுத்தால், அந்த அளவுக்கு அது ஒரு சோதனையாக மட்டுமே பயன்படும். கேள்வி கேட்பவர் இரண்டு மீதிகளையும் ஒத்துப்போகாதபடி கொடுத்திருந்தால், எவ்வளவு கணக்கிட்டாலும் நாள் கிடைக்காது. இரண்டு வகுத்திகளுக்கும் பொதுக்காரணி உண்டானால், இரண்டு மீதிகளின் வேறுபாடு அந்தப் பொதுக்காரணியால் வகுபட வேண்டும் என்பதே விடை இருப்பதற்கான நிபந்தனை.

கிழமைக்கு இந்தச் சிக்கல் இல்லை. சந்திரனின் 21,55,625 நாள்களும் 7-ஆல் வகுபடுவதில்லை. எனவே எந்தக் கோளோடு சேர்த்தாலும் அதன் சுருக்கிய நாள் எண்ணிக்கை 7-இன் மடங்காக இல்லாதவரை கிழமை புதிய செய்தியைத் தரும்.

## எல்லைகள்

### வாழப்பாடியில் பத்தரை நிமிடம்

ஆரியபட்டரின் நாள் கணக்கு, உச்சயினி வழியாகச் செல்லும் நடுக்கோட்டின் சூரிய உதயத்துக்கு உரியது. மற்ற ஊர்களுக்கு தேசாந்தரம் என்னும் திருத்தம் செய்ய வேண்டும். சேலம் மாவட்டத்தில் உள்ள வாழப்பாடியை எடுத்துக்கொள்ளலாம். அது ஏறத்தாழ 78.4° கிழக்கு நெட்டாங்கில் உள்ளது. உச்சயினி ஏறத்தாழ 75.8°. இடைவெளி சற்றேறக்குறைய 2.6°. எனவே வாழப்பாடியில் சராசரி உதயம் ஏறத்தாழ பத்தரை நிமிடம், அதாவது 26 விநாழிகை, முன்னதாக நிகழ்கிறது.

பத்தரை நிமிடத்தில் சூரியன் நகரும் தூரம், நாளுக்கு 576 பங்கு என்ற வேகத்தில், நான்கு பங்குதான். ஆகவே 1947 ஆகஸ்டு 15 அன்று வாழப்பாடி உதயத்துக்குரிய மண்டலசேடம் 69,796. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இது. கோணத்தில் அரைக் கலைக்கும் குறைவு.

ஆனால் தேசாந்தரத் திருத்தத்தை மறந்து, இந்த 69,796-ஐ அப்படியே குட்டாகாரத்தில் இட்டால் நிகழ்வது வேறு. மீதியில் ஒரு பங்கு மாறினால் நாள் எண்ணிக்கை 94,602 நாள்கள், அதாவது ஏறத்தாழ 259 ஆண்டுகள், இடம் மாறும். நான்கு பங்கு மாறியதால் சூரியன் சொல்லும் நாள் 1,60,835-க்குப் பதிலாக 2,03,205 ஆகிறது. இதன் கிழமை மீதி 2. வெள்ளிக்கிழமைக்காக 2 + 4k ≡ 0 (mod 7) எனத் தீர்த்தால் k = 3. நாள் எண்ணிக்கை 8,34,372. அது கலி 2284, அதாவது பொ.ஊ.மு. 818. பத்தரை நிமிடத் தவறு 2764 ஆண்டுத் தவறாக வளர்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தவறான விடையும் கணக்கின்படி "சரியானதே" என்பது. 8,34,372-ஐ 576-ஆல் பெருக்கி 2,10,389-ஆல் வகுத்தால் மீதி 69,796 வரும். கிழமையும் வெள்ளியே. எனவே பெருக்கிச் சரிபார்ப்பதால் இத்தவறு பிடிபடாது. ஈவாக வரும் கலி ஆண்டு, நாள் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று வேறு வழியில் தெரிந்ததோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே காவல்.

### தோராயமான தரவுகள்

முழு வட்டம் 360 பாகை, பாகைக்கு 60 கலை. ஆக 21,600 கலைகள். மண்டலசேடத்தின் பங்குகளோ 2,10,389. எனவே சூரியனின் நிலையைக் கலை வரைக்கும் மட்டும் கொடுத்தால், ஒரு கலைக்குள் ஒன்பது அல்லது பத்து மண்டலசேடங்கள் அடங்கும். ஒவ்வொன்றும் நூற்றாண்டுகள் தள்ளியுள்ள வேறு வேறு நாளைக் காட்டும். குட்டாகாரம் முழு எண்களுக்குரிய முறை. மீதி மிகச்சரியாகத் தெரிந்தால் முழு விடை, ஒரு பங்கு பிசகினாலும் விடைக்கு அருகில்கூட வராது. "ஏறத்தாழ" என்பது அதற்குத் தெரியாது.

இக்காரணத்தால் கல்வெட்டுகளில் உள்ள நாள், கிழமை, திதி, நட்சத்திரக் குறிப்புகளிலிருந்து தேதி காண இம்முறை பயன்படுவதில்லை. அங்கு தரவுகள் தோராயமானவை. அப்பணிக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்ட இந்திய நாட்காட்டி அட்டவணைகள் போன்றவையே துணை. அவற்றில் ஆண்டு வரம்பை முதலில் அரச ஆட்சியாண்டு கொண்டு குறுக்கி, பின்னர் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனினும் கிழமையின் பங்கு அங்கும் மாறவில்லை. மற்ற குறிப்புகளுக்குப் பொருந்தும் பல நாள்களில் தவறானவற்றை விலக்குவது பெரும்பாலும் கிழமையே.

### ஆண்டின் நீளம்

576 ஆண்டுச் சுழற்சி என்பது நூலில் உள்ள சூரியனின் சுழற்சி, வானில் உள்ள சூரியனுடையது அன்று. ஆரியபட்டரின் ஆண்டு, இன்று அளந்தறியப்பட்ட நட்சத்திர ஆண்டைவிட ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி நீளமானது. 576 ஆண்டுகளில் இது ஏறத்தாழ 1.3 நாள் ஆகும். எனவே வானை நேரில் அளந்து கிடைத்த நிலையை இக்கணக்கில் இட்டால் பொருளுள்ள விடை வராது. ஆரியபட்டரின் அளவுகளைக் கொண்டே கணிக்கப்பட்ட சராசரி நிலைகளுக்கு மட்டுமே வாரகுட்டாகாரம் செல்லும். பஞ்சாங்கத்தில் காணும் உண்மைச் சூரிய நிலையாக இருந்தால், மந்தத் திருத்தத்தை முதலில் நீக்கிச் சராசரி நிலைக்குத் திரும்ப வேண்டும்.